அம்மா சொன்ன 'வாங்கோ'

2023 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கென்று என் தங்கச்சியின் மகள் ரொறன்ரோவிலிருந்து வந்தாள். பிறந்து இருபத்திரண்டு வருசத்தில் அவள் கொக்குவில் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா அன்று விடியப்புறம் நாலு மணிக்கே எழும்பி, முற்றம் கூட்டி, தோய்ந்து, பெட்டிக்குள் கிடந்த புதுச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டா. வான் படலையடியில் வந்து நின்றதும் எழும்பிப் படி வரைக்கும் வந்தா. மருமகள் இறங்கி வந்தாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, எழுத்தெழுத்தாக, வடிவாக, "வணக்கம் அம்மம்மா" என்றாள்.

அம்மா கொஞ்சுவதற்காகக் கையை நீட்டியிருந்தா. அந்தக் கை அரைவழியில் நின்று, பிறகு மெல்லக் கீழே இறங்கியதை நான் பார்த்தேன். "வாங்கோ பிள்ளை, இருங்கோ" என்றா.

வெளியாட்கள் யாராவது பக்கத்தில் நின்றிருந்தால், பேத்தியை எவ்வளவு மரியாதையாக வரவேற்கிறா என்று நினைத்திருப்பார்கள். எனக்கு மட்டும் வயிற்றுக்குள் ஏதோ செய்தது. அம்மா பேரப்பிள்ளைகளை "வாடா குஞ்சு", "வாடி பிள்ளை" என்று கூப்பிடுகிறவ. பக்கத்து வீட்டுப் பொடியனையும் அப்படித்தான் கூப்பிடுவா. சின்னப்பிள்ளைகளுக்கு 'வாங்கோ' போட்டுக் கதைப்பது எங்கள் பக்கத்தில் உண்டுதான். ஆனால் அந்த 'கோ' இழுபடும், குரல் மேலே போகும், கூடவே கன்னத்தில் ஒரு கையும் போகும். இது அந்த 'வாங்கோ' இல்லை. கிராம சேவகர் வந்தால் சொல்கிற, கட்டையாக முடிகிற 'வாங்கோ'. அதற்குப் பிறகு மூன்று நாளும் "சாப்பிடுறியளோ?", "குளிச்சிட்டியளோ?" என்றுதான் அம்மா அவளிடம் கதைத்தா. 'நீ' வரவேயில்லை.

முதல் நாள் இரவே நான் மருமகளைக் கூப்பிட்டு, "உந்த வணக்கத்தை வீட்டுக்குள்ளை சொல்லாதை பிள்ளை" என்றேன். அவளுடைய முகம் சுருங்கிப்போனது. "அப்ப என்ன மாமா சொல்லுறது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒரு சொல்லும் வரவில்லை. அந்தக் கேள்வி இன்றுவரைக்கும் என்னை விடவில்லை.

சொல் இல்லை, கேள்விதான்

யாழ்ப்பாணத்தில் இரண்டு பேர் ஒழுங்கைக்குள் சந்திக்கிறபோது என்ன நடக்கிறது என்று அடுத்த நாளிலிருந்து கவனிக்கத் தொடங்கினேன். "என்ன மாதிரி?" என்கிறார் ஒருவர். "இருக்கிறம்" என்கிறார் மற்றவர். "என்ன, கண்டு கனகாலம்?" "எப்பிடிச் சுகம்?" "என்ன, கடைக்கோ?" "பிள்ளையள் என்ன மாதிரி?" எல்லாமே கேள்வி. பெரும்பாலும் கேட்கிறவருக்குப் பதில் தேவையும் இல்லை. சைக்கிளை நிறுத்தாமலே கேட்பார்கள். பதில் சொல்கிறவரும் முழுக்கத் திரும்பாமலே சொல்வார். அந்தக் கேள்வி 'உன்னைக் கண்டேன், உன் வீடு வாசல் எனக்குத் தெரியும்' என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சொந்தக்காரர் என்றால் அதுவும் இல்லை. "வந்திட்டியோ?" ஒன்றுதான். வந்து முன்னால் நிற்கிறவரைப் பார்த்து வந்துவிட்டாயா என்று கேட்பதில் என்ன பொருள் இருக்கிறது? ஆனாலும், நீ வரவேண்டியவன், உனக்காகக் காத்திருந்தோம் என்பதெல்லாம் அந்த 'ஓ'விலேயே அடங்கிவிடுகிறது.

'வணக்கம்' எங்களிடம் இல்லாத சொல் இல்லை. அதற்கென்று இடங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால் எல்லாரும் எழும்பிச் சொல்வது வணக்கம். மேடையில் ஏறினால் அவையோருக்கு வணக்கம். வானொலியில் அறிவிப்பாளர் நேயர்களுக்குச் சொல்வது வணக்கம். தேர்தல் வந்தால் வேட்பாளர் படலைக்கு வெளியே நின்று சொல்வதும் அதுதான். பல பேருக்கு ஒருவரோ, ஒருவருக்குப் பல பேரோ, முன்பின் தெரியாதவர்களோ சொல்கிற சொல். தமிழ்நாட்டிலும் கூட்டங்களில் 'நமஸ்காரம்' இருந்த இடத்தில், போன நூற்றாண்டில் தனித்தமிழ் உணர்வும் திராவிட இயக்கமும் கொண்டுவந்து நிறுத்திய சொல்தான் அது. அதனால் அங்கேயும் அதில் மேடை வாசம் கொஞ்சம் இருக்கிறது. எங்கள் அம்மாவின் காதில் அது முழுக்க முழுக்க மேடை. பெற்ற மகளின் பிள்ளை வாசலில் நின்று 'வணக்கம்' சொன்னபோது அவவுக்குக் கேட்டது, 'நான் உங்களுக்குப் புது ஆள்' என்பதுதான். புது ஆளுக்குரிய மறுமொழியை அம்மா கொடுத்தா. பிழை சொல்ல என்ன இருக்கிறது?

இரண்டாம் நாள் மருமகளிடமே கேட்டேன், அந்தச் சொல்லை எங்கே பழகினாய் என்று. ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடியும் என்றாள். அங்கே தமிழர் கூடுகிற இடத்தில் எங்கள் ஆட்கள், சென்னையிலிருந்து வந்தவர்கள், மலேசியாக்காரர் எல்லாம் இருப்பார்கள். "எப்பிடிச் சுகம்?" என்றால் இலங்கை, "சாப்டீங்களா?" என்றால் இந்தியா. வாயைத் திறந்ததும் ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 'வணக்கம்' மட்டும் எவருடையதும் இல்லை, அதனால் எல்லாருடையதும். அவளோடு படித்த பிள்ளைகள் பெரியவர்களைக் கண்டால் "ஹாய் அங்கிள், ஹாய் அன்ரி" என்று போய்விடுவார்கள். அப்படிச் சொல்லாமல் நின்று வணக்கம் சொல்கிற பிள்ளைதான் அங்கே தமிழ் மறக்காத பிள்ளை. "பிளேனுக்குள்ளை இருந்து சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான் மாமா. 'ண' சரியா வரவேணும் எண்டு" என்றாள்.

அவளிடம் இருந்த தமிழில் ஆகப் பெரிய சொல் அது. அதைத்தான் கொண்டுவந்து அம்மம்மாவின் காலடியில் வைத்திருக்கிறாள். இதை நான் முதல் நாளே கேட்டிருக்கவேண்டும். கேட்காமல் திருத்தப் போனது என் பிழை.

தூரவோ?

மூன்றாம் நாள் பின்னேரம் மருமகள் நல்லூருக்கு வெளிக்கிட்டாள். சேலை உடுத்து, பூ வைத்து முடித்து வாசலுக்கு வர, அம்மா கேட்டா: "வெளிக்கிட்டாச்சோ? தூரவோ?"

மருமகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை அம்மம்மா, ரெண்டு மூண்டு கிலோமீற்றர்தான்" என்றாள்.

அம்மா அந்த மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தா. பிறகுதான் நான் மருமகளுக்கு விளங்கப்படுத்தினேன். வெளிக்கிடுகிற ஆளைப் பார்த்து 'எங்கே' என்ற சொல்லை எடுக்கக்கூடாது என்பது இங்கே பழைய ஆட்கள் வைத்திருக்கிற கட்டு. போகிற காரியம் தடைப்படும் என்பார்கள். ஆனால் கேட்காமல் விடவும் முடியாது. கேட்காவிட்டால் அக்கறை இல்லை என்றாகும். அதனால் இடத்தைக் கேட்காமல் தூரத்தைக் கேட்பது. "தூரவோ?", "தூரப் பயணமோ?" என்பார்கள். பதிலும் இடத்தைச் சொல்லாது. "இல்லை, கிட்டத்தான்" அல்லது "ஓம், கொஞ்சம் தூரம்." அவ்வளவுதான். வீட்டுக்குத் திரும்பி வருகிறவரிடம் மட்டும் "எங்கை போட்டு வாறியள்?" என்று தாராளமாகக் கேட்கலாம். போன காரியம்தான் முடிந்துவிட்டதே.

ஒழுங்கையில் எல்லாரும் தன்னைக் கடைக்கோ, கோயிலுக்கோ, எங்கே போய்விட்டு வருகிறாய் என்று விசாரிக்கிறார்கள் என்று அவள் இரண்டு நாளாகத் தாயிடம் தொலைபேசியில் முறையிட்டிருக்கிறாள். அவளுடைய காதில் அது உளவு. கேட்டவர்களின் வாயில் அது நலம் விசாரிப்பு. வந்த முதல் நாள் அம்மாவுக்கு நடந்ததுதான் இங்கே மருமகளுக்கு நடந்திருக்கிறது, தலைகீழாக.

ஒரே 'ங்க', இரண்டு மரியாதை

கேட்பவரின் காதைப் பற்றி யோசிக்க யோசிக்க, 2003இல் அப்பாவின் வைத்தியத்துக்காக நாங்கள் சென்னையில் இரண்டு மாதம் இருந்தது நினைவுக்கு வந்தது. வடபழனியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்திருந்தோம். வீட்டுக்காரர் நல்ல மனுசன். முதல் நாள் காலை படியில் கண்டவுடன், "என்னம்மா, சாப்டீங்களா?" என்றார். அம்மா உண்மையைச் சொன்னா: "இல்லை தம்பி, இனித்தான்." அவர் "சரிம்மா, சரிம்மா" என்றபடி இறங்கிப் போய்விட்டார். அம்மாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. சாப்பிடவில்லை என்று தெரிந்த பிறகு ஒரு வாய் கேட்காமல் எப்படிப் போவது? அம்மாவின் கணக்கில், சாப்பிட்டாயா என்று கேட்டவருக்கு அடுத்து ஒரு கடமை இருக்கிறது. அங்கே அது "என்ன மாதிரி?" போல ஒன்று என்று பிடிபட அவவுக்கு ஒரு கிழமை எடுத்தது. பிறகு "ஆச்சு தம்பி, நீங்கள்?" என்று அழகாகச் சொல்லப் பழகிவிட்டா.

நாங்கள் அவர்களுக்கு எப்படிக் கேட்டோம் என்பதுதான் வேடிக்கை. நான் கடைக்காரரிடம் "வாங்கோ, இருங்கோ, சொல்லுங்கோ" என்று கதைத்தால், "சார் கேரளாவா?" என்பார்கள். அப்பாவின் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துவிட்டு ஒருவர், "நீங்க ஐயரா?" என்றே கேட்டார். அங்கே 'ங்கோ' என்று முடிப்பது பிராமண வீடுகளில் கேட்கிற பேச்சு. யாழ்ப்பாணத்தில் சாதி பார்க்காமல் எல்லாரும் பேசுகிற அதே முடிவு, கடலைத் தாண்டியதும் சாதி அடையாளமாகிவிட்டது. இலங்கை என்று சொன்னவுடன் குரல் மாறும். சிலருக்கு இரக்கம் வரும், ஒன்றிரண்டு பேருக்குப் பயம் வரும். எனக்கு நடந்தவரையில், 'ங்கோ' என்ற இரண்டு எழுத்து முதலில் பூணூலையும், பிறகு அகதி அட்டையையும் எனக்கு மாட்டிவிட்டது.

இதைச் சொல்லி வருத்தப்படுகிற உரிமை எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டுமானால், எங்கள் ஊரில் 'ங்க' எப்படிக் கேட்கிறது என்பதையும் சொல்லவேண்டும். சென்னையிலிருந்து ஒரு பாடகரோ பேச்சாளரோ வந்து "வாங்க, எப்படி இருக்கீங்க?" என்றால் எங்கள் சனத்துக்கு அது சினிமாத் தமிழ், பிள்ளைகள் அதை அப்படியே சொல்லிப் பார்க்கும். அதே "வாங்க, சொகமா இருக்கீங்களா?" என்று மலையகத்துக்காரர் ஒருவர் சொன்னால் பலருக்கு அது வேறு மாதிரிக் கேட்கிறது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் ஏராளம். அப்படியொரு குடும்பத்தில் பிறந்து, இங்கே யாழ்ப்பாணத்தில் என்னோடு வேலை செய்த ஒருவர் காலையில் வந்து "வாங்கண்ணே" என்று சொன்ன ஒரு சொல்லுக்காகவே 'தோட்டக்காட்டான்' என்ற பேச்சை முதுகுக்குப் பின்னால் வாங்கினார். ஆறே மாதத்தில் அவர் "என்ன அண்ணை, எப்பிடிச் சுகம்?" என்று மாற்றிக்கொண்டார். வீட்டுக்குத் தொலைபேசி எடுக்கும்போது மட்டும் 'ங்க' திரும்பி வரும். நான் அதைக் கேட்டதுண்டு. யாராவது உள்ளே வந்தால் குரலைத் தாழ்த்துவார்.

ஒரே முடிவு. ஒருவருக்குப் பெருமை, மற்றவருக்கு இழிவு. அப்படியானால் காது சொல்லையா கேட்கிறது? ஆளை முதலில் தீர்மானித்துவிட்டு, பிறகு சொல்லில் அதற்குச் சாட்சி தேடுகிறது. இதை அன்றைக்கு நான் அவருக்காக வாய் திறந்து சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

செத்த வீடு

மருமகள் வந்த ஐந்தாம் நாள், பின்வளவு ஐயா மோசம் போய்விட்டார். அம்மாவும் நானும் போக, தானும் வருவதாக அவள் சொன்னாள். செத்த வீட்டில் எப்படி நடப்பது என்று சொல்லிக் கொடுக்க நேரம் இருக்கவில்லை. உள்ளே போகிறவர்களை "வாங்கோ" என்று யாரும் கேட்கமாட்டார்கள், போகிறவர்களும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதை அவளே பார்த்துப் பிடித்துக்கொண்டாள். அம்மா போய் ஐயாவின் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதா. மருமகள் அம்மாவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தாள். பாயில் ஒரு மூலையில் இருந்தபடி, அந்த மனுசியின் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் போனது.

சவம் எடுத்த பிறகு வெளிக்கிட்டோம். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் படியிறங்கிவிட்டா. மருமகள் மட்டும் திரும்பி, குனிந்து, அந்த மனுசியிடம் தெளிவாகச் சொன்னாள்: "போட்டு வாறன் அன்ரி."

அவளுடைய தாய் சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அடித்துப் பழக்கிய சொல் அது. 'போறன்' என்று தனியே சொல்லக்கூடாது, அது திரும்பி வராத போக்கு. எங்கே வெளிக்கிட்டாலும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும் என்று. அந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. செத்த வீட்டில் 'போட்டு வாறன்' சொல்வது, இப்படியொரு காரியத்துக்கு இந்த வீட்டுக்குத் திரும்பவும் வருவேன் என்று சொல்வதாகும். அதனால்தான் எல்லாரும் வாய் திறக்காமல் இறங்கிப் போகிறோம்.

விறாந்தையில் இருந்த பெண்களின் கதை அப்படியே நின்றது. ஒருத்தி "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது. படியில் நின்ற அம்மா திரும்பினா. எனக்கு உடம்பு கூசியது. ஓடிப்போய் மருமகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருவதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை.

அந்த மனுசி நிமிர்ந்து பார்த்தா. அழுது வீங்கிய கண். மருமகளின் கையை விடவில்லை. "ஓம் பிள்ளை" என்றா. "எட்டுக்கு வா."

எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைத்துப் படைத்து, வந்தவர்களுக்கும் கொடுக்கிற நாள். அந்த வீட்டுக்கு யாரும் தவறில்லாமல் வரக்கூடிய, வரவேண்டிய நாள். அந்தச் சொல்லுக்கு ஒரு திகதியை வைத்து, அதை ஒரு நல்ல வருகையாக்கிவிட்டா அந்த மனுசி. புருசனை எடுத்து ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. விறாந்தையில் திரும்பவும் கதை தொடங்கியது.

வீட்டுக்கு வந்து தோய்ந்துவிட்டு, குசினிக்குள் அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. மருமகள் கதவடியில் நின்று, தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று என்னிடம் கேட்டாள். நான் சொல்லத் தொடங்குமுன்பே அம்மா திரும்பிப் பார்க்காமல் சொன்னா:

"செத்த வீட்டிலை போட்டு வாறன் சொல்லக் கூடாதடி. இனித் தெரிஞ்சுகொள். இந்தா, சூடு ஆறமுன்னம் குடி."

தேத்தண்ணியை வாங்கியபோது மருமகளுக்கு அந்த 'டி'யும் 'குடி'யும் கேட்டிருக்காது. அவளுக்கு அது வெறும் ஏச்சாகத்தான் இருந்திருக்கும். நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

எட்டுக்கு அவள் போனாள். அன்று அம்மாவுக்குக் கால் நோவு. நான் சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்று சொல்ல, தனியாகவே நடந்து போய்விட்டாள். நான் படலையடியில் சைக்கிளை நிறுத்தும்போது அவள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையைக் கூப்பவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை, என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். அந்த மனுசி அடுப்படிக்குள்ளிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்து, "வந்திட்டியோ?" என்றா.

"ஓம்" என்றாள் மருமகள்.